பென்சைல் ஆல்கஹால் ஏன் உடனே கலங்குகிறது?

லூகாஸ் சோதனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த ஜிங்க் குளோரைடுடன் ஆல்கஹாலைக் கலக்கிறார்கள். மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் உடனே கலங்கும். ஈரிணைய ஆல்கஹாலுக்குச் சில நிமிடங்கள் ஆகும். சாதாரண ஓரிணைய ஆல்கஹால் அறை வெப்பநிலையில் தெளிவாகவே நிற்கும். ஆனால் பென்சைல் ஆல்கஹால், ஓரிணைய வகையாக இருந்தும், உடனே கலங்கிவிடுகிறது. இந்த வேகத்தைத் தீர்மானிப்பது வினையின் நடுவே உருவாகும் கார்பன் நேரயனியின் நிலைப்புத்தன்மை.

நேரயனியின் மையக் கார்பனில் ஆறு இணைதிற எலக்ட்ரான்களே உள்ளன. ஒரு p ஆர்பிட்டால் காலியாக இருக்கிறது. பக்கத்துக் கார்பனின் C–H பிணைப்பு அந்தக் காலியிடத்தோடு ஒரே தளத்தில் அமைந்தால், தன் எலக்ட்ரான்களில் சிறிது அதற்குக் கொடுக்கும். இதுவே ஹைப்பர் கான்ஜுகேஷன். இப்படிக் கைகொடுக்கக்கூடிய C–H பிணைப்புகள் எத்தைலில் 3, ஐசோபுரொப்பைலில் 6, மூவிணைய பியூட்டைலில் 9, மெத்தைலில் ஒன்றுமில்லை.

நேரயனி ஒரு ஹைட்ரைடு அயனியைப் பிடித்துக்கொள்ளும்போது வெளிவரும் ஆற்றல் இதற்கு நல்ல அளவுகோல். ஆற்றல் குறையக் குறைய, நேரயனி நிலையானது என்று பொருள். வாயு நிலையில் மெத்தைலுக்கு அது மோலுக்குச் சுமார் 313 கிலோகலோரி, எத்தைலுக்கு 270, ஐசோபுரொப்பைலுக்கு 249, மூவிணைய பியூட்டைலுக்கு 231. முதல் மெத்தைல் தொகுதி தரும் ஆதாயமே பெரிது. அடுத்தடுத்து வருபவை குறைவாகவே தருகின்றன.

அல்லைல் நேரயனியில் உதவி வேறு வழியில் வருகிறது. இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் நகர்வதால் நேர்மின்சுமை இரு முனைக் கார்பன்களிலும் சமமாகப் பரவுகிறது. நடுக் கார்பனுக்குப் பங்கில்லை. பென்சைலில் அது பக்கச் சங்கிலிக் கார்பன், வளையத்தின் இரு ஆர்த்தோ இடங்கள், ஒரு பாரா இடம் என நான்கில் பரவுகிறது. அல்லைலின் அளவு சுமார் 256, பென்சைலினது 238. எத்தைலோடு ஒப்பிட்டால் இரண்டுமே பெரிய முன்னேற்றம்தான். பென்சைல் மூவிணைய பியூட்டைலை நெருங்கி நிற்பதைக் காட்டுவதே அந்தச் சோதனைக்குழாயின் கலங்கல்.

உடனிசைவு இருந்தால் அந்த அயனியே முதலிடம் என்று மாணவர்கள் எழுதிவிடுவது உண்டு. அது தவறு: அல்லைல், ஐசோபுரொப்பைலுக்கும் சற்றுப் பின்னால்தான் நிற்கிறது. ஆறு C–H பிணைப்புகளின் கூட்டுதவி ஓர் இரட்டைப் பிணைப்பை வென்றுவிடுகிறது.

தூண்டல் விளைவு பிணைப்புகள் வழியே எலக்ட்ரான்களை இழுப்பதும் தள்ளுவதும். தூரம் கூடினால் விரைவில் தேய்ந்துபோகும். எலக்ட்ரானை இழுக்கும் CF₃ தொகுதி மையக் கார்பனை ஒட்டி அமர்ந்தால் நேரயனி மிகவும் நலிவடையும். மெத்தாக்ஸியின் ஆக்சிஜனும் இழுக்கக்கூடியதுதான். ஆனால் பென்சைல் வளையத்தின் பாரா இடத்தில் அது தன் தனி எலக்ட்ரான் இணையை உடனிசைவில் கொடுத்துவிடுகிறது. அங்கே கொடுப்பது இழுப்பதை வெல்வதால் பாரா-மெத்தாக்ஸிபென்சைல் நேரயனி வெறும் பென்சைலைவிட நிலையானது. மெட்டா இடத்துக்கு மாற்றினால் அந்த இணை நேர்மின்சுமையை எட்டாது. இழுப்பு மட்டுமே மிஞ்சும்.