உ. வே. சா. என்ற பெயருக்குள் எத்தனை பெயர்கள்!

தமிழ் படித்தவர் எல்லோரும் அறிந்த மூன்று எழுத்துகள், உ. வே. சா. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் என்பது விரிவு. ‘உ’ அவருடைய சொந்த ஊர். ‘வே’ அவருடைய தந்தை. ‘சாமிநாதன்’ அவரை அழைத்த பெயர். ‘ஐயர்’ அவர் பிறந்த சமூகம். பெயராய்வு என்ற துறையின் முக்கியக் கிளைகள் பலவற்றுக்கும் இந்த ஒரே பெயருக்குள் வேலை இருக்கிறது. மனிதர்களின் பெயரை ஆராய்வது ஆட்பெயராய்வு. ஊர், மலை, ஆறு, தெரு ஆகியவற்றின் பெயர்களை ஆராய்வது இடப்பெயராய்வு. இனம், குடி, தெய்வம் இவற்றின் பெயர்களுக்கும் தனித்தனிக் கிளைகள் உண்டு. ஆனால் கிளைகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு நெடுநேரம் பேச முடிவதில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று கூடவே வருகிறது.

சாமிநாதையருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் வேங்கடராமன். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபோது, வீட்டில் வேறு பெயர் சொல்லி அழைப்பது உண்டா என்று ஆசிரியர் விசாரித்தார். சாமிநாதன் என்று அழைப்பதாகத் தெரிந்ததும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். இதைத் தம் ‘என் சரித்திர’த்தில் ஐயரே எழுதியிருக்கிறார். ஆட்பெயராய்வில் இது நல்ல பாடம். ஒருவருக்குச் சடங்கில் வைக்கும் பெயர் ஒன்று, வீட்டில் வழங்கும் பெயர் ஒன்று, ஊர் ஒட்டவைக்கும் பட்டப்பெயர் இன்னொன்று. இவற்றில் எது நிலைக்கும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்வதில்லை.

அந்த இரண்டு பெயர்களையும் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். வேங்கடராமன் என்பதற்குள் வேங்கடம் இருக்கிறது. அது மலையின் பெயர். மலையால் தெய்வத்துக்குப் பெயர் வந்தது, தெய்வத்தால் பிள்ளைக்குப் பெயர் வந்தது. சாமிநாதன் என்பது சுவாமிமலை முருகனின் பெயர். அங்கே நடந்தது தலைகீழ்: தெய்வத்தின் பெயரால் ஊர் அழைக்கப்படுகிறது. இடத்திலிருந்து ஆளுக்கும் ஆளிலிருந்து இடத்துக்கும் பெயர்கள் இப்படிப் போய்வந்துகொண்டே இருக்கின்றன.

தமிழ்ப் பெயரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. இதில் குடும்பப் பெயர் என்று பரம்பரையாக வரும் பகுதி பெரும்பாலும் இல்லை. தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அதனால்தான் வெளிநாட்டுப் படிவங்களில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் கண்டதும் நம்மவர்கள் திகைக்கிறார்கள். அப்பா பெயரை எழுதிவிட்டால், அங்குள்ளவர்கள் அப்பா பெயரைச் சொல்லியே நம்மைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் நம் வழக்கில் பெயர் வேறொரு வழியில் பரம்பரையாக வருகிறது. தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் பெயரன், அதுவே பேரன். உறவுமுறைச் சொல்லே பெயரிலிருந்து பிறந்திருக்கிறது.

சில பெயர்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். சாவின் கண்ணுக்கு அது மதிப்பில்லாத பொருளாகத் தெரிய வேண்டும் என்ற நம்பிக்கை. பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பெயர்களும் அப்படியே. பெண் குழந்தைகளுக்கு இட்ட ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்ற பெயர்களைப் படிக்கையில் மனம் கனக்கிறது. ஒரு வீட்டின் பயமும் ஏமாற்றமும் ஒரு பெண்ணின் ஆயுள் முழுக்க அவள் பெயராக நின்றுவிட்டன.

ஊர்ப்பெயர்களுக்கு வருவோம். உத்தமதானபுரம் என்பதில் ‘புரம்’ பல ஊர்களுக்கும் பொதுவான பகுதி. ஊர், நல்லூர், குடி, பட்டி, துறை, பள்ளி எல்லாம் இந்த வகை. ‘உத்தமதானம்’ அந்த ஊருக்கே உரிய சிறப்புப் பகுதி. ஏகாதசி விரதத்தன்று மறந்து தாம்பூலம் போட்ட தஞ்சை அரசர் ஒருவர், பிராயச்சித்தமாக அந்தணர்களுக்குத் தானம் செய்த ஊர் என்று பெயர்க்காரணத்தை ஐயர் சொல்கிறார். இடப்பெயராய்வாளர் முதலில் செய்வது இந்த இரண்டு பகுதிகளையும் பிரிப்பதுதான். பொதுப் பகுதி நிலத்தையும் குடியிருப்பின் வகையையும் சொல்லும். சிறப்புப் பகுதியில்தான் சிக்கல் எல்லாம்.

அந்தச் சிக்கலைப் பார்க்க, ஐயரின் ஆசிரியருடைய பெயரே போதும். அவரைத் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று சொல்வார்கள். திரிசிரபுரம் என்றால் திருச்சிராப்பள்ளி. திரிசிரன் என்ற மூன்று தலை அரக்கன் அங்கே சிவனை வழிபட்டான், அவனால் ஊர் பெயர் பெற்றது என்பது தலபுராணம். கதை நன்றாக இருக்கிறது. பெயரும் கதையும் அச்சாகப் பொருந்துகின்றன. அனுபவப்பட்ட ஆய்வாளருக்குச் சந்தேகம் பிறக்கும் இடமும் இதுதான்.

அவர் செய்வது இதுதான்: அந்த ஊருக்குக் கிடைக்கும் பழைய வடிவங்களை எல்லாம் திரட்டிக் கால வரிசையில் அடுக்குவார். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் இந்த ஊரைப் பாடியபோது ‘சிராப்பள்ளி’ என்றே சொன்னார்கள். அப்படியானால் முன்னால் நிற்கும் ‘திரு’ என்பது திருவாரூர், திருவையாறு ஆகியவற்றில் உள்ள அதே மரியாதை அடை. வேண்டும்போது சேரும், வேண்டாதபோது கழன்றுகொள்ளும். ஆனால் அரக்கன் பெயரிலுள்ள ‘திரி’ அப்படிக் கழலாது. மூன்று என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மூன்று தலையும் போய்விடும். ஆக, ‘திருச்சிரா’ என்ற வடிவம் ஊன்றிய பிறகு அதைக் கேட்ட காதுகள்தான் அதில் திரிசிரனைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். இதற்கு மக்கள் சொற்பிறப்பு என்று பெயர். பொருள் மறந்துபோன ஒரு பெயருக்கு, தெரிந்த சொல்லைக் கொண்டு புதுப் பொருள் கட்டுவது அது.

வேறு விளக்கங்களும் வந்தன. 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் ஊர்ப்பெயர் ‘சிலா’ என்ற ஒலியோடு வருவதை வைத்து, ‘சிலை’, அதாவது பாறை, என்று பொருள் கொண்டவர்கள் உண்டு. மலைக்கோட்டையைப் பார்த்தவருக்கு இது நியாயமாகவே படும். ஆனால் அந்தச் சான்று தேவாரத்துக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகள் பிந்தியது. ‘சின்னப் பள்ளி’ என்று சொன்னவர்களுக்கும் இதே தடைதான். பழைய வடிவத்தில் இருக்கும் ‘ரா’ எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

இனி ‘பள்ளி’. இன்று அது பிள்ளைகள் படிக்கும் இடம். பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்னும்போது படுக்கை. பழங்காலத்தில் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்துக்கும் அதே பெயர். திருச்சி மலையில் இயற்கையான குகைத்தளம் ஒன்று உண்டு. அதில் துறவியர் படுப்பதற்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே பழைய எழுத்தில் வெட்டப்பட்ட ‘சிரா’ என்ற பெயரைக் கல்வெட்டு அறிஞர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். சிரா என்ற துறவியின் பள்ளி, சிராப்பள்ளி. பொதுப் பகுதியும் சிறப்புப் பகுதியும் அந்தப் பாறையிலேயே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

இருந்தாலும் ஆய்வாளர் இங்கே அவசரப்படக் கூடாது. அந்தச் சிராவின் பெயரால்தான் ஊர் அழைக்கப்பட்டது என்று எந்தக் கல்வெட்டும் நேராகச் சொல்லவில்லை. பழைய வடிவத்தோடு ஒத்துப்போவது, இடத்தில் சான்று இருப்பது, பள்ளி என்ற சொல்லுக்குக் கணக்குச் சொல்வது என்று மூன்றிலும் தேறும் விளக்கம் இது. அதனால் மற்றவற்றைவிட வலுவானது. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த விளக்கம் சரியானால், நாம் ‘திருச்சி’ என்று சுருக்கிச் சொல்லும்போது மரியாதை அடை முழுதாக நிற்கிறது, அந்தத் துறவியின் பெயரில் ‘சி’ என்ற ஓரெழுத்து மட்டும் மிஞ்சுகிறது.

ஐயர் வேலை பார்த்த கும்பகோணத்தில் நடந்தது வேறு. தேவாரத்தில் அந்த ஊர் குடமூக்கு. குடம் வடமொழியில் கும்பம். மூக்குக்கும் அங்கே ‘கோணம்’ போல ஒலிக்கும் ஒரு சொல் உண்டு. பெயரை யாரோ சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் அந்த மூக்கும் கோணலைக் குறிக்கும் கோணமும் ஒன்றாகவே எழுதப்படுவதால் மூல அர்த்தம் மறைந்துவிட்டது. அவர் பாடம் கேட்ட மாயூரமும் மயிலாடுதுறையின் வடமொழி உருவம்தான். பேச்சில் அது மாயவரமாகி, 1982இல் அரசு மீண்டும் மயிலாடுதுறை ஆக்கியது. பழைய பாடல்களில் பெயர் இருந்ததால் திரும்பப் பெற முடிந்தது. பாடலிலும் கல்வெட்டிலும் ஏறாத எத்தனையோ சிற்றூர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆற்றுப் பெயர்கள் பொதுவாக ஊர்ப்பெயர்களைவிடப் பிடிவாதமானவை. குடிகள் மாறினாலும் ஆற்றின் பெயரை வந்தவர்கள் அப்படியே வாங்கிக்கொள்வார்கள். இங்கிலாந்தில் ஏவன் என்ற ஆறு ஒன்றுக்கு மேல் உண்டு. அந்நாட்டின் பழங்குடிகள் பேசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆறு என்றே பொருள். பின்னால் வந்தவர்கள் அதைத் தனிப்பெயராக எண்ணி ‘ஏவன் ஆறு’ என்றார்கள், அதாவது ‘ஆறு ஆறு’. கும்பகோணத்தின் தெற்கே ஓடும் அரசலாறும் பழைய பெயர்தான். அரிசில் என்பது அதன் முந்தைய வடிவம். சங்கப் புலவர் அரிசில் கிழார் நினைவுக்கு வருவார். அரிசில் என்றால் என்ன என்பது மறந்துபோக, இன்று அந்தப் பெயரைக் கேட்பவர் காதில் அரசன் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

தெருப்பெயர், வயல்பெயர், வீட்டுப்பெயர் போன்ற சிறு பெயர்களைச் சேகரிப்பது இடப்பெயராய்வின் கடினமான பகுதி. அவை வரைபடத்தில் ஏறுவதில்லை, வயதானவர்களின் பேச்சில் மட்டும் இருக்கின்றன. ஊர்ப்பெயர்களைப் பற்றி ‘ஊரும் பேரும்’ என்ற நூலை எழுதிய ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘ரா’வும் அவருடைய ஊரான ராசவல்லிபுரம்தான்.

சாமிநாதையர் பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். அல்லி பூத்த கேணியின் பெயரால் வந்த ஊர் அது. ஆங்கிலேயர் நாவில் அது ட்ரிப்ளிக்கேன் ஆனது. கும்பகோணம் கல்லூரியில் தமக்கு வேலை கிடைக்கக் காரணமாக இருந்த தியாகராச செட்டியாரை மறக்காமல், வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று ஐயர் பெயரிட்டார். அந்த வீடு 2012இல் இடிக்கப்பட்டது.