பெயர் போடுகிறோம், பணம் இல்லை என்பவருக்கு எழுதும் பதில்

பணத்துக்குப் பதிலாக விளம்பரம் தருகிறோம் என்ற கோரிக்கை தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக் கலைஞர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் என எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலும் அது மரியாதையான பேச்சாகவே வரும். உங்கள் படங்கள் பிடித்திருக்கின்றன, இப்போதைக்கு பட்ஜெட் இல்லை, எங்கள் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டு டேக் செய்கிறோம், அதைப் பார்த்து நிறைய ஆர்டர் வரும் என்பதே அதன் வடிவம். இதற்குப் பதில் எழுதுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பணமில்லாமல் செய்ய முடியாது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிய வேண்டும். கேட்டவர் ஆறு மாதம் கழித்துப் பணத்தோடு வர நினைத்தால், கூச்சமில்லாமல் வரவும் முடிய வேண்டும்.

கோவையில் கைத்தறிச் சேலைகளை இன்ஸ்டாகிராம் வழியாக விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பக்கத்தைப் பின்தொடர்வோர் நாற்பதாயிரம் பேர். தீபாவளிக்கு 20 சேலைகளை, சேலைக்கு மூன்று படம் வீதம் 60 படங்களாக எடுத்துத் தர வேண்டும் என்று கடைக்காரர் ஒரு புகைப்படக் கலைஞரைக் கேட்கிறார். கைமாறு, ஒவ்வொரு பதிவிலும் கலைஞரின் பெயர்.

முதலில் பார்க்க வேண்டியது அந்த நாற்பதாயிரம் பேர் யார் என்பதை. அவர்கள் சேலை வாங்க வந்தவர்கள். புகைப்படக் கலைஞரை அமர்த்துகிறவர்கள் வேறு சேலைக் கடைக்காரர்கள், நகைக் கடைக்காரர்கள், விளம்பர நிறுவனத்தார். இவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள், பார்த்தாலும் படத்துக்குக் கீழே சிறிதாக இருக்கும் பெயரைத் தொடுவார்கள் என்பதில்தான் அந்த விளம்பரத்தின் மதிப்பு இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தக் கலைஞர் இலவசமாக எடுத்தார் என்று தெரிந்து வருகிறவர்கள் அதே நிபந்தனையோடுதான் வருவார்கள். பெயர் போடுவது வழக்கமான நாகரிகம். கூலி கொடுத்தவரும் அதைச் செய்யலாம். அதைக் கூலிக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

அடுத்தது செலவுக் கணக்கு. பதில் எழுத உட்காரும் முன்பே இதைப் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் மறுப்புக்கு உறுதி இதிலிருந்துதான் வருகிறது. 20 சேலைகளைப் படம் எடுக்க ஒரு முழு நாள். ஒரு படத்தின் நிறத்தைச் சரிசெய்து முடிக்கக் கால் மணி நேரம் என்றால் 60 படங்களுக்குப் பதினைந்து மணி நேரம், அதாவது இன்னும் இரண்டு நாள். கலைஞரின் நாள் கூலி 7,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாளுக்கு 22,500. ஸ்டுடியோ வாடகை 5,000, உதவியாளருக்கும் போக்குவரத்துக்கும் 2,500. மொத்தம் 30,000 ரூபாய். இலவசமாகச் செய்வதாக ஒப்புக்கொண்டால் மூன்று நாள் உழைப்பு போவதோடு, 7,500 ரூபாயைக் கலைஞர் தன் கையிலிருந்தும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்கிறவருக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. கேமரா ஏற்கெனவே இருக்கிறது, ஒரு நாள் வந்து போனால் போதும் என்றே அவர் எண்ணியிருப்பார்.

பதில் ஓரிரு நாளுக்குள் போக வேண்டும். தாமதமானால் கடைக்காரர் சம்மதம் கிடைத்ததாக எண்ணித் தேதி குறித்துவிடக்கூடும்; பிறகு வரும் மறுப்பு அவருக்கு ஏமாற்றமாகத் தெரியும். எந்தச் சேலையை எந்தப் பின்னணியில் எடுக்கலாம் என்ற யோசனைகளை அதற்கு முன் பகிரவும் கூடாது. யோசனையும் கூலிக்குரிய வேலைதான். யோசனை சொல்லிவிட்டுப் பணம் கேட்கிறவர் பாதி வழியில் பேச்சை மாற்றியவராகத் தோன்றுவார்.

மேற்சொன்ன கடைக்காரருக்கு எழுதத்தக்க பதில் ஒன்று:

“வணக்கம் மேடம். தீபாவளிச் சேலைகளுக்கு என்னைக் கேட்டதற்கு நன்றி. பெயர் போடுவதை மட்டும் கைமாறாக வைத்து நான் வேலை எடுப்பதில்லை. நீங்கள் சொன்ன 20 சேலை, 60 படங்களுக்கு ஸ்டுடியோ வாடகை உட்பட 30,000 ரூபாய் ஆகும். இந்த முறை அவ்வளவு ஒதுக்க முடியாவிட்டால், முக்கியமான 6 சேலைகளை மட்டும் கடையிலேயே பகல் வெளிச்சத்தில் எடுத்து 18 படங்களாகத் தர முடியும். அதற்கு 10,000 ரூபாய். இரண்டுமே இப்போது தோதுப்படாவிட்டால் பரவாயில்லை, பொங்கலுக்கோ அடுத்த வரவுக்கோ திட்டமிடும்போது சொல்லுங்கள், பேசலாம். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் சொன்னால் தீபாவளிக்கு முன் முடித்துவிடலாம்.”

இதில் மறுப்புக்கு ஒரே வாக்கியம்தான். அது தொழில் நடைமுறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது, கடைக்காரர் மீதான தீர்ப்பாக இல்லை. மன்னிப்பு கேட்கவில்லை, மன்னிப்பு கேட்டால் பணம் கேட்பது தவறு என்று கலைஞரே ஒப்புக்கொண்டதாகிவிடும். வீட்டு வாடகை, கேமராக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எதுவும் இதில் இல்லை. சொன்ன ஒவ்வொரு காரணமும் எதிரில் இருப்பவர் வாதாடுவதற்கு ஒரு பிடி கொடுக்கிறது. பலர் செய்யும் பெரிய பிழை, நேரமில்லை என்று பொய்க் காரணம் சொல்வது. அப்படியானால் எப்போது நேரம் கிடைக்கும் என்று அடுத்த வாரம் அதே இலவசக் கோரிக்கை திரும்பி வரும்.

இரண்டாவதாகச் சொன்ன 10,000 ரூபாய் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 6 சேலைகளுக்கு அரை நாள், 18 படங்களைச் சரிசெய்ய நாலரை மணி நேரம், ஆக ஒரு நாள் உழைப்புக்கு 7,500. உதவியாளருக்கும் போக்குவரத்துக்கும் 2,500. ஸ்டுடியோ இல்லை. வேலை குறைந்திருக்கிறது, நாள் கூலி அப்படியே இருக்கிறது. கதவைத் திறந்துவைக்கும் கலை முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. இதே 60 படங்களை 10,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்று இறங்கியிருந்தால், முதலில் சொன்ன 30,000 கூட்டிச் சொன்ன விலை என்றே கடைக்காரர் நினைப்பார். அடுத்த முறை பேச்சு 10,000-இல் தொடங்கிக் கீழே போகும். ஒரே ஒரு படம் மாதிரிக்கு இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்பதும் அதே வழிதான். மாதிரி வேண்டுமென்றால் முன்பு எடுத்த படங்களைக் காட்டினால் போதும்.

குறைத்துத் தருவதற்கு வேலையின் அளவைப் போலவே பயன்பாட்டு உரிமையும் உதவும். இங்கே சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, மதிப்புள்ள கைமாறு கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். ஆகவே பணம் வாங்கி எடுக்கும் கலைஞர் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பினால், படம் எடுக்கும் முன்பே அதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். படங்களின் உரிமை கலைஞரிடம் இருக்கும், கடை தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஓராண்டு பயன்படுத்தலாம், பேனருக்கோ செய்தித்தாள் விளம்பரத்துக்கோ வேண்டுமானால் தனிக் கட்டணம் என்று இரண்டு வரி போதும். இலவசமாக எடுத்துக் கொடுத்த படங்களுக்கு இந்த நிலை இன்னும் குழப்பமானது. பெயர் போட்டதே கைமாறுதான் என்று கடை வாதாடலாம், பணமே வரவில்லை என்று கலைஞர் வாதாடலாம். எழுத்தில் எதுவும் இல்லாததால், படம் கடைவீதி பேனரில் வந்த பிறகே சண்டை தொடங்கும்.

பதிலுக்குப் பிறகு வருவது பல வகைப்படும். மௌனமாகிவிடுகிறவர்களைத் துரத்த வேண்டியதில்லை. மற்றொருவர் இலவசமாகச் செய்வதாகச் சொல்கிறார் என்று எழுதுகிறவருக்கு, நல்லது, உங்கள் தீபாவளி விற்பனை நன்றாக அமையட்டும், பின்னால் தேவைப்பட்டால் அழையுங்கள் என்ற ஒரு வரி போதும். அந்த மற்றொருவரைக் குறை சொல்லக் கூடாது. இலவசமாக ஒப்புக்கொண்டவர் பணம் தரும் வேலை வந்ததும் அங்கே போய்விடுவதும், படங்கள் தாமதமாவதும் நடக்கக்கூடியவை. அப்போது கடைக்காரர் யாரை நினைப்பார் என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது. பணத்துக்குப் பதில் இரண்டு சேலை தருகிறோம் என்று சொல்கிறவரும் உண்டு. கலைஞர் எப்படியும் காசு கொடுத்து வாங்கவிருந்த பொருள் என்றால் அதை அதன் விலைக்குக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதுவும் வேண்டாத பொருள்தான்.

கோபத்தில் எழுதுவது என்ன செய்யும் என்பதற்கு ஊரறிந்த சம்பவம் ஒன்று உண்டு. 1997-இல் கம்போடியக் காட்டில் போல் பாட்டைப் பேட்டி கண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் நேட் தேயரிடம், 2013 மார்ச்சில் ‘தி அட்லாண்டிக்’ இதழின் இணையப் பிரிவு, அவர் எழுதி வெளியாகியிருந்த ஒரு கட்டுரையைச் சுருக்கித் தரும்படி கேட்டது. பணம் இல்லை, ஆனால் மாதந்தோறும் பெருந்திரளான வாசகர்கள் பார்ப்பார்கள் என்றது. அவர் மறுத்தார், மறுத்ததோடு நிற்காமல் அந்த மின்னஞ்சல்களை, எழுதிய ஆசிரியரின் பெயரோடு அப்படியே வெளியிட்டார். விவாதம் உலகமெங்கும் பரவியது, இதழ் வருத்தம் தெரிவித்தது. தேயர் சொன்னதில் நியாயம் முழுக்க இருந்தது. ஆனால் அடி விழுந்தது பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் ஆசிரியர் மீது. கட்டுரைக்கான பணத்தை ஒதுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கவில்லை.

நிறுவனங்களிலிருந்து வரும் கோரிக்கைகளில் பெரும்பாலும் நிலைமை இதுவே. கேட்கிறவர் வேறு, பணத்தைத் தீர்மானிக்கிறவர் வேறு. ஆகவே அங்கே மறுப்போடு ஒரு கேள்வியையும் சேர்க்கலாம்: இந்த விலையை உங்கள் அலுவலகத்தில் யாரிடம் காட்ட வேண்டும், அவர்களுக்கு ஒரு பக்க மதிப்பீடாக அனுப்பட்டுமா? கேட்டவருக்குத் தன் மேலதிகாரியிடம் கொண்டுபோக ஒரு தாள் கிடைக்கிறது. பணம் இல்லை என்றவரே சில நேரம் பணத்துக்காக வாதாடத் தொடங்குகிறார்.

மறுத்த வாடிக்கையாளர் சில மாதம் கழித்து உண்மையிலேயே திரும்பி வந்தால், பழைய கோரிக்கையை நினைவூட்ட வேண்டியதில்லை. அன்றைய விலையைப் புதிதாகச் சொல்லி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, உரிமை பற்றிய இரண்டு வரியையும் அதே செய்தியில் அனுப்பி வேலையைத் தொடங்கலாம். மீதிப் பாதி வந்த பிறகே நீர்க்குறி இல்லாத முழு அளவுப் படங்கள் கைமாற வேண்டும்.