யார் கணக்கில் எத்தனை பக்கம்?

பள்ளிக்கூட அலுவலகங்களில் மாதக் கடைசியில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "இத்தனை பேப்பர் எங்கே போச்சு?" பதில் பெரும்பாலும் அந்த ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. நகல், பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் செய்யும் அலுவலக மெஷின்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கோட் எண் கொடுத்து, அதன் பக்கக் கணக்கைத் தனியாக எழுதிவைக்கும் வசதி உண்டு. கேனான் இதை Department ID Management என்கிறது. கியோசெரா மெஷினில் Job Accounting என்று இருக்கும்.

கியோசெராவையே எடுத்துக்கொள்வோம். நிர்வாகி கடவுச்சொல்லோடு உள்ளே போய் Job Accounting-ஐ இயக்க வேண்டும். பிறகு அலுவலகம், தேர்வுப் பிரிவு, ஆசிரியர் அறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் அதிகபட்சம் எட்டு இலக்க எண்ணும் பதிய வேண்டும். அதன்பின் கோட் எண்ணை அழுத்தாமல் மெஷினில் யாரும் நகல் எடுக்க முடியாது.

பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து வரும் பிரிண்டுக்கு யாரும் மெஷின் முன்னால் நின்று எண் அழுத்துவதில்லை. அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டர் டிரைவர்தான் கோப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும். அதற்கு டிரைவரிலும் Job accounting-ஐ இயக்கி, ஒரே எண்ணை நிரந்தரமாகப் பதியலாம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் எண்ணைக் கேட்கும்படி வைக்கலாம். ஒரே கம்ப்யூட்டரைப் பல ஆசிரியர்கள் பயன்படுத்தும் இடத்தில் இரண்டாவதுதான் சரி.

எண் இல்லாமல் வரும் பிரிண்டை மெஷின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். அனுமதித்தால் டிரைவர் அமைக்காத கம்ப்யூட்டர்களின் பிரிண்டெல்லாம் எந்தப் பிரிவின் கணக்கிலும் ஏறாமல் போய்விடும். மறுத்தால் அமைப்பு முடியாத கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுப்பவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். எனவே முதலில் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் டிரைவரை அமைத்துவிட்டு, கடைசியில் மறுப்பை இயக்குவதே நல்ல வரிசை. பிரிவுகளின் கூட்டுத்தொகைக்கும் மெஷினின் மொத்தக் கணக்குக்கும் பெரிய இடைவெளி இருந்தால், எங்கோ ஒரு கம்ப்யூட்டர் எண் இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மெஷினே அச்சிடும் அறிக்கைகளால் சிறு வித்தியாசம் வருவது இயல்பு.

அடுத்தது பக்க வரம்பு. இங்கேதான் கணக்கு இடறும். அறுநூறு மாணவர்கள், ஐந்து பாடங்கள், ஒவ்வொரு வினாத்தாளும் நான்கு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் அச்சடித்தால் தேவைப்படும் தாள் 6,000. அதாவது 500 தாள் கொண்ட 12 கட்டு. கிளார்க் கட்டுகளை எண்ணி, தேர்வுப் பிரிவுக்கு 6,000 என்று வரம்பு வைக்கிறார். மெஷின் பொதுவாகத் தாளை எண்ணுவதில்லை, அச்சடித்த பக்கத்தை எண்ணும். ஒரு தாளின் இரு பக்கமும் அச்சானால் அதற்குக் கணக்கு இரண்டு. உண்மையான தேவை 12,000. ஒரு பாடத்துக்கு 2,400 பக்கம் என்பதால், மூன்றாவது பாடத்தில் முந்நூறு பிரதி முடிந்ததும் ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதை Apply Limit என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. Immediately என்றால் மெஷின் அங்கேயே நின்றுவிடும். மீதி முந்நூறு பேருக்கு வினாத்தாள் இல்லை. Subsequently என்றால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையை முடித்துவிட்டு அடுத்ததை மறுக்கும். Alert only எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு வேலையைத் தொடரும். தேர்வுப் பிரிவு இருக்கும் இடத்தில் முதலாவதைத் தவிர்ப்பது நல்லது. முதல் மாதம் வரம்பே வைக்காமல் அளந்து பார்த்து, பிறகு எண்ணை முடிவு செய்தால் இன்னும் நல்லது.

வரம்பு மாதக் கணக்கு என்று மெஷினுக்குத் தெரியாது. கணக்கு தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் ஏறிக்கொண்டே போகும். மாதக் கடைசியில் அறிக்கையை அச்சடித்து வைத்துக்கொண்டு, நிர்வாகி கையால் அழிக்க வேண்டும். மறந்தால், அடுத்த மாதம் ஓரிரு நாளிலேயே "எங்கள் கோட் வேலை செய்யவில்லை" என்று புகார் வரும்.

இவ்வளவு செய்தாலும் கோட் சொல்வது பிரிவையும் எண்ணிக்கையையும்தான். அடித்தது யார், எதை அடித்தார் என்று பார்க்க மெஷினின் வேலைப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து வந்த பிரிண்டுக்குக் கோப்பின் பெயரும் பயனர் பெயரும் அதில் இருக்கும். கண்ணாடிமேல் வைத்து எடுத்த நகலுக்குக் கோப்புப் பெயர் கிடையாது. பதிவேட்டில் இடமும் குறைவு. புதியது வர வர பழையது அழிந்துவிடும். ஆளுக்கு ஆள் கணக்கு வேண்டுமென்றால் பிரிவுக்கு ஒரு எண் போதாது, ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்தாக வேண்டும்.