அரை மாத்திரையின் கணக்கு

பிள்ளை கிடுகிடுவென்று வளர்ந்தால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் சி.ஏ.எச். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் பிறவி அட்ரீனல் கோளாறு உள்ள குழந்தை திடீரென்று வேகமாக வளர ஆரம்பித்தால் கவலைப்பட வேண்டும். அதற்குத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை போதாமல் போயிருக்கலாம். அதே மாத்திரை அளவுக்கு மிஞ்சினாலோ வளர்ச்சி நின்றுபோகும், உடல் மட்டும் பருக்கும். கூடினாலும் குறைந்தாலும் நஷ்டம் ஒன்றுதான்: பெரியவரான பின் இருந்திருக்க வேண்டிய உயரம் இருக்காது.

ஏன் இப்படி? சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதற்குத் தேவையான ஒரு நொதி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த மரபணுக் குறையால் இந்தக் குழந்தைகளிடம் சரியாக வேலை செய்வதில்லை. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இந்தக் குறை இரு பக்கமும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். கார்ட்டிசால் வரவில்லை என்றதும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ‘இன்னும் சுர’ என்று அட்ரீனலை விரட்டுகிறது. விரட்டிய வேகத்தில் கார்ட்டிசாலுக்கான மூலப்பொருள் திசைமாறி ஆண்தன்மை ஹார்மோன்களாகிறது. பெண் குழந்தையானாலும் இதே கதைதான். இந்த ஹார்மோன்கள் குழந்தையை வேகமாக வளரவைக்கின்றன. கூடவே எலும்பையும் முன்கூட்டியே முதிரவைக்கின்றன. எலும்பு நுனியின் வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்வதால், ஆறு வயதில் வகுப்பிலேயே உயரமாக இருந்த பிள்ளை பதினாறு வயதில் குள்ளமாக நிற்கிறது.

ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது அந்தக் கார்ட்டிசாலேதான். உடலுக்கு இல்லாததைக் கொடுப்பதோடு பிட்யூட்டரியின் விரட்டலையும் அது அடக்க வேண்டும். அதனால்தான் உடல் இயல்பாகச் சுரப்பதைவிடச் சற்று அதிகமாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. வளரும் குழந்தைக்கு உடல் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. பரப்பளவைக் கணக்கிட, சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு நான்கு வயதுச் சிறுவன். உயரம் 100 செ.மீ., எடை 16 கிலோ. பரப்பளவு சுமார் 0.67 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 6.7 முதல் 10 மி.கி. வரை கொடுக்கலாம். 5 மி.கி. மாத்திரையில் பாதி, பாதியாக மூன்று வேளை என்று மருத்துவர் எழுதுகிறார். மொத்தம் 7.5 மி.கி., சதுர மீட்டருக்கு 11-க்குச் சற்று மேல். நல்ல நடு அளவு.

மூன்று வேளை எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். பள்ளிக்கூட வேளையில் மாத்திரை கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. ஆனால் இந்த மருந்து இரத்தத்தில் தங்கும் நேரம் மிகக் குறைவு. ஒன்றரை மணி நேரத்திலேயே பாதி கரைந்துவிடும். காலையில் முழு மாத்திரையும் ராத்திரி பாதியும் கொடுத்தால் நாளின் மொத்தம் அதே 7.5 மி.கி.தான். ஆனால் காலையில் சில மணி நேரம் தேவைக்கு மேல் இருக்கும், பிற்பகலில் ஒன்றுமே இருக்காது. அந்த இடைவெளியில் பிட்யூட்டரி மறுபடி விரட்ட ஆரம்பித்துவிடும். அதனால் சுமார் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரிப்பார்கள். பெரிய பங்கைக் காலையில் தருவதா, இரவிலா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

அரை மாத்திரையை மாத்திரை வெட்டியால் ஓரளவு சரியாக வெட்டிவிடலாம். கால் மாத்திரைதான் பாடு. ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் போகும். கைக்குழந்தைக்காகப் பொடித்துத் தண்ணீரில் கலக்கச் சொல்லியிருந்தால், இந்த மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். துகள்கள் அடியில் தங்கிவிடும். மேலாக உறிஞ்சினால் குறைவாகவும் அடியிலிருந்து உறிஞ்சினால் அதிகமாகவும் போகும். நன்றாகக் கலக்கி உடனே சிரிஞ்சில் எடுக்க வேண்டும். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. கடையில் இது கிடைக்கவில்லை என்று ‘அதுவும் ஸ்டீராய்டுதான்’ என வேறு மாத்திரையை வாங்கிவிடவும் கூடாது. பிரெட்னிசோலோன் 5 மி.கி. என்பது ஹைட்ரோகார்ட்டிசோன் 20 மி.கி.க்குச் சமம். டெக்ஸாமெத்தசோன் அதைவிடப் பல மடங்கு வீரியம். வளரும் பிள்ளையின் உயரத்தை அது நேரடியாக அமுக்கும்.

இனி நம் சிறுவனிடம் வருவோம். ஐந்து வயதில் 106 செ.மீ., 18 கிலோ. ஓராண்டில் ஆறு சென்டிமீட்டர், அந்த வயதுக்கு இயல்பான வளர்ச்சி. அதே மூன்று அரை மாத்திரைகள் இப்போது சதுர மீட்டருக்கு 10-ஐ ஒட்டி வந்துவிட்டன. ஆனாலும் எல்லைக்குள்தான். ஆறு வயதில் 115 செ.மீ., 21 கிலோ. இந்த ஓராண்டில் ஒன்பது சென்டிமீட்டர்! மாத்திரையை யாரும் குறைக்கவில்லை, ஒரு வேளைகூடத் தவறவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டதால் அளவு சதுர மீட்டருக்கு 9.2 ஆகத் தானாகவே இறங்கிவிட்டது. வியர்வையில் பெரியவர்களின் வாடை வருகிறது என்று அம்மா சொல்கிறார். இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பின் வயது எட்டு. காலை வேளையை முழு மாத்திரையாக்கி நாளுக்கு 10 மி.கி. என்று மருத்துவர் மாற்றுகிறார். சதுர மீட்டருக்கு 12 சொச்சம். மாறாக, ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் மட்டும் வளர்ந்து எடை ஏறி முகம் உருண்டிருந்தால், அளவைக் குறைக்க யோசித்திருப்பார்.

ஆகவே கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பது முக்கியம். அளவில் துல்லியமும் வேண்டும். மூன்று மாத இடைவெளியில் அரை சென்டிமீட்டர் பிசகினால், ஆண்டுக் கணக்கில் அது இரண்டு சென்டிமீட்டர் பிழையாகிவிடும். செருப்பைக் கழற்றி, பின்னலை அவிழ்த்து, குதிகால் சுவரைத் தொட நிறுத்தி, ஒரே கருவியில் அளக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்கவைத்து அளப்பார்கள்.

இரத்தப் பரிசோதனை வந்ததும் பலர் தடுமாறுவது 17-ஓ.எச்.பி. என்ற எண்ணில். அது நார்மலுக்கு மேல் இருக்கிறதே என்று பதறுவார்கள். இந்த நோயில் அது சற்று மேலே நிற்பதுதான் எதிர்பார்ப்பு. அதை நார்மலுக்கே இறக்குமளவு மருந்து கொடுத்தால் வளர்ச்சி அடிபடும். தவிர, காலை மாத்திரைக்கு முன் எடுத்தால் ஒரு எண், இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் வேறு எண். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுத்து, கடைசி மாத்திரை எப்போது என்றும் குறித்துவைக்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் பிள்ளை நலமாக இருக்கும் நாளுக்கு. காய்ச்சலில் நலமான உடல் கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரந்துகொள்ளும், இவர்களால் முடியாது. அதனால் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரட்டிப்பு, 39-ஐத் தாண்டினால் மும்மடங்கு என்று மருத்துவர்கள் முன்கூட்டியே எழுதித் தருவார்கள். காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடலாம். மாத்திரையை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. குடித்த மாத்திரையை வாந்தியெடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும், அதுவும் நிற்கவில்லையென்றாலோ பிள்ளை துவண்டாலோ ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிதான் வழி. மூன்று வயதுக்குக் கீழ் 25 மி.கி., பன்னிரண்டு வரை 50, அதற்கு மேல் 100. போட்ட கையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயின் பெயரும் இந்த ஊசி அளவும் எழுதிய அட்டை ஒன்று பிள்ளையின் பள்ளிப் பையிலும் இருக்கட்டும். இரவு அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர் இந்த நோயை அதிகம் பார்த்திராதவராகவும் இருக்கலாம்.