மின்னூட்டம் சிறைப்படாத நினைவகம்

பென்டிரைவில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம், எலக்ட்ரான்களைச் சிறைபிடித்துத்தான் ஒரு பிட்டை நினைவில் வைக்கிறது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அவை மெல்லிய ஆக்சைடு சுவரைத் துளைத்துப் போய்வருகின்றன. சில ஆயிரம் முறைக்குப் பிறகு சுவர் பழுதாகி, சிறையிலிருந்து எலக்ட்ரான்கள் கசியத் தொடங்கும்.

காந்த நினைவகமான எம்ரேமில் சிறையே இல்லை. இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே சுமார் ஒரு நானோமீட்டர் தடிமனில் மெக்னீசியம் ஆக்சைடு இருக்கிறது. ஒரு படலத்தின் காந்தத் திசை நிலையானது, மற்றதைத் திருப்பலாம். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிராக இருந்தால் அதிகம். அந்த வேறுபாடுதான் பூஜ்யமும் ஒன்றும். எழுதும் மின்னோட்டத்தில் எலக்ட்ரான்களின் சுழற்சி ஒரே பக்கமாக அமைந்து, காந்தத்தைத் திருப்பிவிடுகிறது. அணுக்கள் எதுவும் இடம் மாறுவதில்லை. அதனால் தேய்மானம் மிகக் குறைவு.

மின்தடை நினைவகத்தில் அணுக்களே நகர்கின்றன. ஹாஃப்னியம் ஆக்சைடில் ஆக்சிஜன் விலகிய இடங்கள் இழைபோலக் கோத்துக்கொண்டால் மின்சாரம் எளிதில் பாயும்; எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் இழை அறுந்துவிடும். ஆனால் இழை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உருவாவதில்லை.

எம்ரேமின் சிக்கல் வேறு. அதன் இரு மின்தடைகளும் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கே வேறுபடும் என்பதால், படிக்கும் சுற்று மிகத் துல்லியமாக இருந்தாக வேண்டும்.