உதவ வருபவருக்கு ஒரு வாசல்

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் கிட்ஹப். அங்கே ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால், உச்சியில் அவரே எழுதிய அறிமுகம் இருக்கலாம். 2020இல் வந்த வசதி இது. இதைப் பெற ஒரு சின்ன உத்தி தெரிந்திருக்க வேண்டும். பயனர்பெயர் `octocat` என்றால், அதே பெயரில் `octocat` என்றொரு ரெப்போவைத் தொடங்கி, அதற்குள் `README.md` என்ற கோப்பை வைக்க வேண்டும். ரெப்போ பொதுவில் இருக்க வேண்டும், கோப்பு காலியாக இருக்கக் கூடாது. பயனர்பெயரைப் பிற்பாடு மாற்றிவிட்டு ரெப்போவின் பெயரை மாற்ற மறந்தால், அறிமுகம் மறைந்துவிடும்.

பலரும் இந்த இடத்தைச் சின்னங்களால் நிரப்புகிறார்கள். பைத்தான், ஜாவா, டாக்கர் என்று வண்ண வண்ணமாக இருபது பட்டைகள்! எதில் கைதேர்ந்தவர், எதை ஒரு வாரம் தொட்டுப் பார்த்தார் என்பது மட்டும் தெரியாது. சிலர் வைக்கும் புள்ளிவிவர அட்டைகள் வேறொரு சர்வரிலிருந்து வரும் படங்கள். அந்த சர்வர் திணறினால் அட்டை இருந்த இடத்தில் உடைந்த படக்குறிதான் மிஞ்சும். இரண்டு மொழிகளைச் சொல்லி, ஒவ்வொன்றாலும் செய்த ஒரு வேலைக்கு இணைப்புக் கொடுப்பதே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

உண்மையில் கோட்டைவிடும் இடம் கடைசி வரி. "சேர்ந்து பணியாற்ற ஆவல்" என்று எழுதியிருப்பார்கள். படிப்பவர் என்ன செய்வது? பேருந்து நேரம் காட்டும் செயலி ஒன்றை எழுதிவரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்:

```
## இப்போது
bus-times: பேருந்து நேரம் காட்டும் செயலி (பைத்தான்)

## உதவி தேவை
நள்ளிரவு தாண்டும் பேருந்துகளின் நேரம் தவறாக வருகிறது.
தொடங்க: https://github.com/USERNAME/bus-times/contribute
```

அந்த `/contribute` முகவரியை கிட்ஹப்பே தருகிறது. `good first issue` என்ற லேபிள் ஒட்டிய வேலைகளை அது புதியவருக்கு எடுத்துக்காட்டும். ஆனால் லேபிளை ஒட்ட வேண்டியவர் ரெப்போவின் சொந்தக்காரர். ஒட்டாமல் இணைப்பை மட்டும் கொடுத்தால், வருபவருக்குத் தொடங்க ஒன்றும் கிடைக்காது. ஒட்டுவதற்கு முன், எந்தக் கோப்பில் பிழை, எந்த நேரத்தைக் கொடுத்தால் அது வெளிப்படும், சரியான விடை என்ன என்ற மூன்றையும் அந்த இஷ்யூவிலேயே எழுதிவிட வேண்டும். 23:50க்குக் கிளம்பி 00:20க்குச் சேரும் பேருந்துக்குப் பயண நேரம் 30 நிமிடம் என்று வர வேண்டும். வருவதோ மைனஸ் 1410. இவ்வளவு எழுதியிருந்தால், முன்பின் தெரியாதவரும் அன்று மாலையே திருத்தி அனுப்பலாம்.

தொடர்புக்கு மின்னஞ்சலைப் போடுவதா என்று கேட்பார்கள். பொதுப்பக்கத்தில் கிடக்கும் முகவரியைக் குப்பை அஞ்சல்காரர்கள் எளிதாகப் பொறுக்கிவிடுவார்கள். நிரல் பற்றிய பேச்சை இஷ்யூவிலேயே வைத்துக்கொண்டால், அடுத்து வருபவரும் அதைப் படித்துக்கொள்வார்.

"இப்போது" என்ற தலைப்பு சீக்கிரமே பழசாகிவிடும். பக்கத்தில் மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிட்டால், அது எவ்வளவு பழைய செய்தி என்று படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.