வந்து சேர்ந்த பத்தி எது? காட்டித் தரும் :target

விக்கிப்பீடியாவில் நீண்ட கட்டுரை ஒன்றைக் கணினியில் படிக்கும்போது, அடிக்குறிப்பு எண் 14-ஐச் சொடுக்கினால் பக்கம் சட்டென்று அடியில் உள்ள மேற்கோள் பட்டியலுக்குப் போய்விடுகிறது. அங்கே பொடி எழுத்தில், பல சமயம் இரண்டு மூன்று பத்திகளாகப் பிரிந்து, டஜன் கணக்கில் குறிப்புகள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஆனாலும் தேட வேண்டியதில்லை. நாம் சொடுக்கிய அந்த ஒரு குறிப்பின் பின்னணி மட்டும் வெளிர்நீலமாகத் தெரியும். இதைச் செய்வது சிஎஸ்எஸ்ஸில் உள்ள `:target` என்ற ஒரு சின்னத் தேர்வி. பக்கத்தின் முகவரியில் `#` குறிக்குப் பின்னால் என்ன பெயர் இருக்கிறதோ, அதே பெயரை ஐடியாகக் கொண்ட உறுப்பை மட்டும் அது பிடிக்கும். பெரும்பாலான பிரவுசர்கள் பத்தாண்டுக்கும் மேலாக இதைப் புரிந்துகொள்கின்றன. அப்படியிருந்தும் கேள்வி-பதில் பக்கங்கள், விதிமுறைத் தொகுப்புகள், பாட உள்ளடக்கங்கள் என உள்ளிணைப்புகள் நிறைந்த பல பக்கங்களில் இந்த விதியைக் காணோம். இது அலங்காரம் அல்ல. இது இல்லாத உள்ளிணைப்பு பாதி வேலையைத்தான் செய்கிறது என்பதே என் வாதம்.

காரணம், பிரவுசர் நகர்த்தும் விதத்திலேயே இருக்கிறது. இணைப்பு சுட்டும் பகுதியைத் திரையின் மேல்விளிம்புக்குக் கொண்டுவரப் பிரவுசர் முயல்கிறது. பக்கத்தின் நடுப்பகுதியில் இது சரியாக நடக்கும். திரையில் முதலாவதாகத் தெரிவதுதான் நாம் கேட்டது என்று ஊகித்துவிடலாம். பக்கத்தின் அடிப்பகுதியில் இந்த ஊகம் உடைந்துபோகிறது. திரையின் உயரம் 800 பிக்சல் என்று வையுங்கள். கேட்ட பகுதி பக்க முடிவுக்கு 300 பிக்சல் முன்னால் தொடங்குகிறது. அதற்குக் கீழே 300 பிக்சல் சரக்குதான் இருப்பதால், பக்கம் முடிந்தவரை மேலே ஏறியும் அந்தப் பகுதி திரையின் மேலிருந்து 500 பிக்சல் தள்ளியே நிற்கும். அந்தக் கடைசி 800 பிக்சலுக்குள் நான்கு கேள்விகள் இருந்தால், நான்குக்கும் உரிய இணைப்புகள் வாசகரை ஒரே காட்சியில்தான் கொண்டுபோய் நிறுத்தும். எதைச் சொடுக்கினாலும் திரை அச்சு அசலாக ஒன்றே. எந்தக் கேள்விக்காக அனுப்பப்பட்டோம் என்பது முகவரியில் மட்டும்தான் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. பக்கத்தை அனுப்பிவைக்கும் சர்வராலும் இங்கே உதவ முடியாது. `#`-க்குப் பின்னால் வருவதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆக, அந்தத் தகவலை வாசகரின் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டிய இடம் பிரவுசருக்குள்தான். அதற்கு இவ்வளவு போதும்:

```css
:target {
  background-color: #fff3bf;
  outline: 2px solid #b7791f;
  scroll-margin-top: 80px;
}
```

மூன்று வரிக்கும் காரணம் உண்டு. மங்கலான மஞ்சள் பின்னணி கண்ணை இழுக்கும், எழுத்தை மறைக்காது. சுற்றுக்கோடு இருப்பது, நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காக. விண்டோஸில் உயர் வேறுபாட்டு முறையைப் பயன்படுத்துபவர்களுக்குப் பின்னணி நிறங்கள் நீக்கப்பட்டுவிடும், கோடு நிற்கும். இது `border` ஆக இல்லாமல் `outline` ஆக இருப்பதால் இடம் எதையும் எடுத்துக்கொள்ளாது, வரிகள் குலுங்காது. மூன்றாவது வரி, திரையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெனுப் பட்டைக்கானது. 64 பிக்சல் உயரப் பட்டை இருக்கும் பக்கத்தில், வந்து நிற்கும் தலைப்பு அதன் அடியில் ஒளிந்துகொள்ளும்; 80 பிக்சல் இடைவெளி விட்டால் தலைப்பு வெளியே தெரியும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. வாசகர் படித்து முடித்த பிறகும் அந்த மஞ்சள் அப்படியே இருக்கிறதே, உறுத்தாதா? முகவரி மாறும்வரை `:target` பொருந்திக்கொண்டே இருக்கும் என்பது உண்மை. அதனால் பலர் அனிமேஷன் வைத்து இரண்டு நொடியில் நிறத்தைக் கரைத்துவிடுகிறார்கள். ஆனால் பக்கம் திறந்ததும் வாசகர் அந்த இரண்டு நொடியும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதற்கு என்ன உறுதி? நண்பர் அனுப்பிய இணைப்பைப் பின்னணி டேப்பில் திறந்துவிட்டுச் சற்றுப் பொறுத்து வருபவருக்கு எதுவும் மிஞ்சாது. அவர் அதே பக்கத்திலிருந்து அதே இணைப்பை மறுபடி சொடுக்கினாலும் அனிமேஷன் திரும்ப ஓடாது. உறுப்பு ஏற்கெனவே பொருந்தியிருப்பதால் பிரவுசருக்கு அங்கே மாற்றம் எதுவும் இல்லை. கரைப்பது அழகு என்று நினைப்பவர்கள் பின்னணியை மட்டும் கரைத்துவிட்டுக் கோட்டை நிறுத்திவைக்கலாம். உறுத்துகிறது என்றால் நிறத்தைக் குறைப்பதுதான் வழி, அடையாளத்தையே அழிப்பது அல்ல.

இரண்டாவது மறுப்பு, தலைப்பு மட்டும்தானே மின்னுகிறது, பத்தி முழுவதும் இல்லையே என்பது. பெரும்பாலான பக்கங்களில் ஐடி `h2` தலைப்பில் இருக்கும், ஆகவே அந்தத் தலைப்பு மட்டுமே பொருந்தும். புதிதாக எழுதும் பக்கம் என்றால் ஐடியை `section` உறுப்புக்கு மாற்றிவிடுவது நேர்வழி. மாற்ற முடியாத பழைய பக்கத்தில், தலைப்பும் பத்தியும் ஒரு `section`-க்குள் இருந்தால் `:has()` கைகொடுக்கும்:

```css
section:has(> h2:target) {
  background-color: #fff3bf;
}
```

2023 இறுதியில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்துகொண்ட பிறகு, முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது வேலை செய்கிறது.

ஸ்கிரிப்ட் எழுதினால் இதைவிட நன்றாகச் செய்யலாமே என்பது அடுத்த கேள்வி. உண்மையில் ஸ்கிரிப்ட்தான் பல இடங்களில் இதைக் கெடுக்கிறது. சில தளங்கள் சொடுக்கைத் தடுத்து, தாங்களே பக்கத்தை நகர்த்தி, `history.pushState()` மூலம் முகவரியை மாற்றுகின்றன. முகவரியில் `#` சரியாகத் தெரியும், பக்கமும் நகரும், நிறம் மட்டும் வராது. `pushState()` முகவரியை எழுதுகிறதே தவிர, இதுதான் இலக்கு என்று பிரவுசருக்குச் சொல்வதில்லை. அங்கே `location.hash`-ஐ மாற்ற வேண்டும். அல்லது சாதாரண இணைப்பைச் சாதாரணமாக விட்டுவிட வேண்டும், அதுவே மேல்.

தமிழில் ஐடி வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. `id="தொடர்பு"` என்று தாராளமாக வைக்கலாம், பிரவுசர் ஏற்கும். ஆனால் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிரவுசரோ எழுத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, குறியீடுகளை அப்படியே ஒப்பிடுகிறது. ஐடி ஒரு முறையிலும் இணைப்பு இன்னொரு முறையிலும் தட்டப்பட்டிருந்தால் பக்கம் நகரவும் செய்யாது, நிறமும் மாறாது. சந்தேகம் வந்தால் முகவரியை நகலெடுத்து வெறும் எழுத்தாக ஒட்டிப் பாருங்கள். ஒற்றைக் குறியீடு என்றால் `%E0%AF%8A` என்று இருக்கும். இரண்டு என்றால் `%E0%AF%86%E0%AE%BE`. ஐடியும் இணைப்பும் ஒரே வடிவில் இருக்கும்படி ஒன்றைத் திருத்திவிட்டால் சரியாகிவிடும். ஐடிக்குள் இடைவெளி விடக் கூடாது என்பதையும், ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால் முதலாவதுதான் பொருந்தும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். திரையைக் காணாமல் ஸ்கிரீன் ரீடர் வழியாகக் கேட்பவருக்கு இந்த நிறம் எதையும் சொல்லாது. அவருக்கு உதவுவது தெளிவான தலைப்பு. ஆகவே `:target` எழுதிவிட்டோம் என்று தலைப்புகளில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

நீங்கள் பராமரிக்கும் பக்கம் ஒன்று இருந்தால், அதன் மிகக் கடைசிப் பகுதிக்கும் அதற்கு முந்தைய பகுதிக்கும் உள்ள இணைப்புகளை உயரமான திரையில் அடுத்தடுத்துச் சொடுக்கிப் பாருங்கள். இரண்டு முறையும் திரை ஒரே மாதிரி நின்றால், மேலே உள்ள மூன்று வரிகளை இன்றே சேர்த்துவிடுங்கள்.